கைரேகை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகும் அறிவிப்பு: திருப்பூர் பனியன் கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கும் டைம் ஆபீஸ், பணியாளர் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

என் அண்ணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். போன வாரம் கம்பெனி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "தம்பி, இதுல ரேகை வைக்கலாமா?" என்று கேட்டார். அறிவிப்பில் நான்கே வரிகள். வரும் ஒன்றாம் தேதி முதல் எல்லோரும் பயோமெட்ரிக் மெஷினில்தான் வருகையைப் பதிய வேண்டும். கைரேகை பதியாதவர்களுக்கு அந்த நாள் ஷிப்ட் கணக்கில் வராது. ஆதார் நகலோடு டைம் ஆபீசுக்கு வர வேண்டும். கடைசி வரி: "பணியாளர்களின் தகவல்கள் பாதுகாப்பாக வைக்கப்படும்."

ஒன்பது வருஷம் அந்த மெஷின்களைச் சுவரில் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. திருப்பூர், அவினாசி, பல்லடம் என்று சுற்றிய கம்பெனிகளில் பெரும்பாலும் இதே கடைசி வரியைத்தான் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லும் எண்ணத்தோடு எழுதவில்லை. தகவல் எங்கே போய் உட்காருகிறது என்று அவர்களுக்கே தெரியாது, எங்களைப் போல மாட்ட வந்தவர்களும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மெஷின் உண்மையில் எதை எடுக்கிறது என்பதில் தொடங்குகிறேன். விரலை வைத்ததும் அது ரேகையைப் படமாகப் பிடிக்கிறது. அந்தப் படத்தில் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இதைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். பெரும்பாலான மெஷின்களில் படம் தங்காது, டெம்ப்ளேட் மட்டும் தங்கும். விற்பனைக்கு வருகிறவர்கள், "நாங்கள் கைரேகையைச் சேமிப்பதே இல்லை சார், வெறும் நம்பர்தான்" என்று சொல்வது இதை வைத்துத்தான். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. அந்த எண்களிலிருந்து ரேகையின் உருவத்தை ஏறக்குறைய திரும்ப வரைந்துவிட முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருஷங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். முகத்தைப் பார்த்துப் பதியும் புது மெஷின்களில் இந்தப் பாதி ஆறுதலும் இல்லை. பல மாடல்கள் பதிவுக்கு எடுத்த போட்டோவை அப்படியே வைத்திருக்கும். ஒவ்வொரு முறை பஞ்ச் பண்ணும்போதும் ஒரு போட்டோ எடுத்துச் சேர்க்கிற வசதியும் அவற்றில் உண்டு.

ஒரு விரலின் டெம்ப்ளேட் ஒன்று, ஒன்றரை கிலோபைட் இருக்கும். 400 பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆளுக்கு இரண்டு விரல் பதிந்தால் மொத்தமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு எம்.பி.தான் வரும். செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோவைவிடச் சின்னது. நானூறு பேருடைய ரேகையும் சில நொடிகளில் ஒரு பென் டிரைவுக்குள் போய்விடும், மெயிலில் இணைத்தும் அனுப்பிவிடலாம். ஒரு பீரோ நிறைய ரெஜிஸ்டரைத் தூக்கிப் போனால் வாட்ச்மேன் கண்ணில் படும். இது சட்டைப் பையில் போகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புது மெஷின் மாட்டும்போது பழைய மெஷினில் இருக்கும் ஆட்களை மறுபடி வரிசையில் நிறுத்தி ரேகை எடுக்க வைத்தால் ஒரு ஷிப்டே வீணாகும். அதனால் பழையதிலிருந்து பென் டிரைவில் எடுத்துப் புதியதில் ஏற்றுவோம். சில சமயம் கம்பெனி கம்ப்யூட்டர் வேலை செய்யாது. அப்போது என் லேப்டாப்பில் இறக்கி, அங்கிருந்து ஏற்றுவேன். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். அந்தத் தொழிலை விட்டு இரண்டு வருஷம் கழித்து, பழைய லேப்டாப்பைத் தம்பி மகனுக்குக் கொடுக்கலாம் என்று திறந்து பார்த்தேன். 11 கம்பெனிகளின் பெயரில் ஃபோல்டர்கள் இருந்தன. ஆட்களின் பெயர், டோக்கன் நம்பர், ரேகை எல்லாம் அப்படியே இருந்தன. அந்த 11 கம்பெனிகளிலும் ஒருவர்கூட, "எங்கள் ஆட்களின் தகவல் உன்னிடம் இருக்கிறதா, அழித்துவிட்டாயா?" என்று என்னைக் கேட்டதில்லை. எனக்கும் அழிக்கத் தோன்றவில்லை. அன்று எல்லாவற்றையும் அழித்தேன், பிறகு டிஸ்க்கையும் முழுதாக எழுதித் துடைத்தேன். அதற்கு முன்னால் அந்த லேப்டாப் இரண்டு முறை சர்வீஸ் கடைக்குப் போய் வந்திருந்தது. அங்கே யாராவது நகல் எடுத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மக்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் அவர்கள் யார் யார் என்ற விவரம்கூட இப்போது என்னிடம் இல்லை.

"பாதுகாப்பாக வைக்கப்படும்" என்று நீங்கள் எழுதும்போது உங்கள் மனதில் இருப்பது வாசலில் உள்ள அந்த ஒரு மெஷின். உண்மையில் ரேகை குறைந்தது மூன்று இடங்களில் இருக்கும்: மெஷின், டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர், மாட்ட வந்தவரின் பென் டிரைவ் அல்லது லேப்டாப். இன்டர்நெட்டில் இணைத்த மெஷின் என்றால் விற்ற கம்பெனியின் சர்வரும் சேரும். அந்த நான்காவது இடத்தில் என்ன நடக்கலாம் என்பதற்கு 2019 ஆகஸ்டில் வெளிவந்த பயோஸ்டார் 2 விவகாரம் போதும். பல நாடுகளில் கதவு திறக்கவும் வருகை பதியவும் பயன்பட்ட அந்த அமைப்பின் தகவல் கிடங்கு பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைரேகை விவரம் அதில் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். அளவு அத்தனை இல்லை என்று அதை விற்ற கம்பெனி மறுத்தது, திறந்து கிடந்ததை மறுக்கவில்லை. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். அந்த மக்கள் விரலை என்ன செய்வார்கள்?

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. உங்கள் தொழிலாளர்களில் பலருடைய வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்தது, அந்தக் கணக்கிலிருந்து விரல் வைத்தே பணம் எடுக்கலாம். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பார்த்து ரப்பர் போன்ற பொருளில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் நம் நாட்டில் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. வருகை மெஷினின் டெம்ப்ளேட் வெளியே போனால் மறுநாளே கணக்கு காலியாகும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. போலி விரலைக் கண்டுபிடிக்கும் சோதனைகளும் கூடியிருக்கின்றன. ஆனால் உங்கள் அறிவிப்பு ஆதார் நகலையும் ரேகையையும் ஒரே டைம் ஆபீசில், பெரும்பாலும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொல்கிறது. திருட வருகிறவனுக்கு வேண்டிய இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வருகைப் பதிவுக்கு ஆதார் எண் தேவையே இல்லை, டோக்கன் நம்பர் போதும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைக்கு வாங்கும் ஆதார் விவரத்தை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

மெஷினிலும் ஒரு ஓட்டை உண்டு, அதை நீங்களே இன்று சோதித்துப் பார்க்கலாம். மெனு பொத்தானை அழுத்துங்கள். நிர்வாகியின் விரலோ பாஸ்வேர்டோ கேட்காமல் மெனு திறந்தால், உங்கள் மெஷினில் அட்மின் என்று ஒருவரைப் பதியவே இல்லை என்று அர்த்தம். நான் போன இடங்களில் இது சர்வசாதாரணம். அவசரத்தில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைச் செய்வதில்லை. அப்படித் திறக்கிற மெஷினில் யார் வேண்டுமானாலும் பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் இறக்கலாம், ஆளையே நீக்கலாம், புது ஆளைச் சேர்க்கலாம். கம்ப்யூட்டரும் மெஷினும் பேசிக்கொள்ள ஒரு ரகசிய எண் உண்டு. பல மாடல்களில் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போது வெறும் 0. அதையும் யாரும் மாற்றுவதில்லை. இரண்டையும் சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆகும்.

இனி, ரேகை விழாதவர்களின் பாடு. சாயப் பிரிவில், அயர்னிங்கில், பழைய பவர் டேபிளில் இருபது வருஷம் உட்கார்ந்தவர்களின் விரல்களைப் பாருங்கள். கோடு தேய்ந்திருக்கும், வெடித்திருக்கும். அவர்களுக்கு மெஷின் "மறுபடி முயற்சிக்கவும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு கம்பெனியில் சாயப் பிரிவு அண்ணன் ஒருவருக்கு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் வேலை, அதாவது 9 ஷிப்ட். இரண்டு நாள் சாயங்காலம் கை ஊறிப் போய் ரேகை விழவில்லை. பின்னால் வரிசை நீண்டது, கத்தினார்கள், வண்டி கிளம்பிவிடும் என்று அவர் போய்விட்டார். வெளியேறிய நேரம் இல்லாத நாளுக்கு அரை ஷிப்ட் என்று அந்த சாஃப்ட்வேரில் விதி போட்டிருந்தார்கள். நாலு நாளுக்கு 6 ஷிப்ட், இரண்டு நாளுக்கு 1 ஷிப்ட், ஆக 7. ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் சனிக்கிழமை கவரில் 1,000 ரூபாய் குறைவு. சூப்பர்வைசருக்கு அவர் நின்று வேலை பார்த்தது தெரியும், ஆனால் "சிஸ்டத்துல இல்லையேண்ணா" என்றுதான் பதில் வந்தது. மூன்று வாரம் நடையாய் நடந்துதான் அந்த ஒரு வாரக் காசை வாங்கினார்.

இப்படிப் புகார் கூடும்போது எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் செய்வது என்ன தெரியுமா? மெஷினின் பொருத்த அளவைக் குறைப்போம். ரேகை கொஞ்சம் ஒத்துப்போனாலும் ஏற்றுக்கொள் என்று சொல்வதற்குச் சமம். உடனே எல்லோருக்கும் "நன்றி" என்று மெஷின் சொல்லும், வரிசை ஓடும், நிர்வாகம் மகிழும். கொஞ்ச நாளில் ஒருவர் விரல் வைக்க இன்னொருவர் பெயர் திரையில் வரும். வேலைக்கு வராதவருக்கு ஷிப்ட் ஏறும், வந்தவருக்கு ஏறாது. உங்கள் மெஷினில் இது நடந்திருக்கிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு. விடுப்பில் இருந்தவருக்குப் பஞ்ச் இருக்கிறதா என்று ஒரு மாதக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால் ஆட்களைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த அளவைப் பாருங்கள். தேய்ந்த ரேகைக்குச் சரியான தீர்வு அளவைக் குறைப்பது அல்ல, அவர்களுக்கு ஒரு கார்டு கொடுப்பது. அட்டெண்டன்ஸ் மெஷின்களில் பல கார்டையும் படிக்கும்.

உண்மையில், எல்லோருக்குமே கார்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் கார்டை இன்னொருவர் வைத்துவிடுவார் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வாசலில் கேமரா இருக்கிறது, லைனில் சூப்பர்வைசர் இருக்கிறார், பீஸ் கணக்கு இருக்கிறது. யாரோ இரண்டு பேர் ஏமாற்றுவார்கள் என்று நானூறு பேரின் ரேகையை எடுப்பது பெரிய விலை. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தகவல் ஆணையர் அலுவலகம் செர்கோ லெஷர் என்ற நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. 38 உடற்பயிற்சி நிலையங்களில் 2,000க்கும் மேற்பட்ட பணியாளர்களிடம் முகமும் ரேகையும் வாங்கி வருகை பதிந்துகொண்டிருந்தார்கள். கார்டு போன்ற எளிய வழி இருக்கும்போது இது தேவையில்லை, வேறு வழியையும் பணியாளர்களுக்குக் காட்டவில்லை என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னது அந்த அலுவலகம். அது அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனால் கேட்ட கேள்வி திருப்பூருக்கும் பொருந்தும்.

நம் சட்டம் இப்போது பழையதற்கும் புதியதற்கும் நடுவில் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் பயோமெட்ரிக் விவரத்தைத் தனிக் கவனம் வேண்டிய தகவலாகச் சொல்கின்றன. வாங்குவதற்கு எழுத்தில் ஒப்புதல் வேண்டும். குறை தீர்க்கும் அலுவலர் ஒருவர் வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சின்னக் கூட்டு நிறுவனத்துக்கும் தனி முதலாளிக்கும் இது பொருந்தும். அடுத்து, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இந்தப் புதுச் சட்டம் வேலை தொடர்பான சில காரியங்களுக்கு ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாள வழி விடுகிறது. அதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். பாதுகாக்கும் கடமையும், காரியம் முடிந்தால் அழிக்கும் கடமையும், கசிந்தால் சம்பந்தப்பட்டவரிடமும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடமும் சொல்லும் கடமையும் அப்படியே இருக்கின்றன. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கையெழுத்து வாங்கும் தேவை குறையக் குறைய, தொழிலாளிக்கு மிஞ்சுவது வாசலில் ஒட்டும் அறிவிப்பு மட்டும்தான். அதனால்தான் அதன் சொற்களுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

அந்தச் சொற்கள் அவர்களுக்குப் படிக்கவும் தெரிய வேண்டும். உங்கள் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அண்ணி அனுப்பிய அறிவிப்பு தமிழில் மட்டும் இருந்தது. ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு லைனில் ஒருவர் வாசித்துக் காட்டட்டும்.

எழுத நேரமில்லை என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பில் உள்ள இடங்களை நிரப்பினால் போதும்:

"(தேதி) முதல் நம் கம்பெனியில் வருகைப் பதிவு மெஷின் வருகிறது. விருப்பப்பட்டவர்கள் விரல் வைக்கலாம், விருப்பமில்லாதவர்களும் ரேகை விழாதவர்களும் கார்டு வாங்கிக்கொள்ளலாம். கார்டுக்குக் காசு இல்லை, காரணமும் கேட்க மாட்டோம். விரல் வைப்பவர்களிடம் இரண்டு விரல்களின் டெம்ப்ளேட்டும் பெயரும் டோக்கன் நம்பரும் மட்டும் எடுக்கிறோம். வருகையையும் ஷிப்டையும் கணக்கிடுவதற்கு மட்டுமே பயன்படுத்துவோம். அவை வாசல் மெஷினிலும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் மட்டும் இருக்கும். மெஷின் இன்டர்நெட்டில் இணைக்கப்படவில்லை. (பதவி), (பதவி) ஆகிய இருவர் மட்டும் திறக்க முடியும். மெஷின் மாட்டிய கம்பெனி எந்த நகலும் வைத்திருக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறோம். வேலையை விட்டு நின்றால் கணக்கு முடிக்கும் நாளிலேயே டெம்ப்ளேட் உங்கள் முன்னால் அழிக்கப்படும், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவீர்கள். வந்த நேரம், போன நேரம் மட்டும் சம்பளக் கணக்குக்காகச் சட்டம் சொல்லும் காலம் வரை இருக்கும். மெஷினில் பதியாத நாளுக்குச் சூப்பர்வைசர் கையெழுத்திட்ட சீட்டு செல்லும், அந்த வாரச் சம்பளத்திலேயே சரி செய்யப்படும். தகவல் கசிந்தது தெரிந்தால் உடனே உங்கள் மொழியில் சொல்வோம். குறை இருந்தால் (பெயர், செல் நம்பர்) அவர்களிடம் சொல்லுங்கள், ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தருவோம்."

இதில் ஒரு வரி உங்கள் கம்பெனியில் உண்மையாக இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டாம், முதலில் அதை உண்மையாக்குங்கள். முக்கியமாக, கணக்கு முடிக்கும் நாளில் அழிப்பதைப் பற்றிய வரி. நம் ஊரில் ஆட்கள் தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனி மாறுவார்கள். பத்து வருஷம் உழைத்த ஒரு பெண்ணின் ரேகை ஏழெட்டு கம்பெனிகளில் கிடக்கிறது, அதில் இரண்டு கம்பெனி மூடியே போயிருக்கும். அந்த மெஷின்கள் எங்கே போயின? பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது பலர் நினைவகத்தைத் துடைக்காமலேயே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் கையாக வாங்கி வந்த மெஷினை இயக்கியதும் முன்பின் தெரியாத ஆட்களின் பெயர்கள் வரிசையாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அழிக்கும்போது மெஷினில் மட்டும் ஆளை நீக்கினால் போதாது. கம்ப்யூட்டரில் இருக்கிற வரை, அடுத்த முறை இரண்டையும் இணைக்கும்போது மெஷினுக்கு அது மறுபடி வந்துவிடலாம். முதலில் கம்ப்யூட்டரில் நீக்கி, பிறகு மெஷினில் நீக்கி, அந்த டோக்கன் நம்பரைத் தேடிப் பார்த்து இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பழைய பேக்கப் இருந்தால் அதிலும் பார்க்க வேண்டும்.

அண்ணியிடம், கார்டு கேளுங்கள், தரவில்லை என்றால் அறிவிப்பில் இந்த விவரங்களை எழுதித் தரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே அவர் போனில் எம்ஆதார் செயலியைத் திறந்து பயோமெட்ரிக்கைப் பூட்டிக் கொடுத்தேன். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம், மூன்று நிமிஷ வேலை. உங்கள் ஆட்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள், ஒரு டீ நேரம் போதும்.

அவர் கம்பெனி நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெஷின் இரண்டாம் கையா புதுசா என்று பாருங்கள். இரண்டாம் கை என்றால் முதல் ஆளின் விரலை வைப்பதற்கு முன்பே அதைத் துடையுங்கள். அட்மின் விரலைப் பதியுங்கள். அறிவிப்பைக் கழற்றி, மேலே உள்ளதை ஒட்டுங்கள். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினையும் கம்ப்யூட்டரையும் காசு வாங்காமல் சோதித்துத் தருகிறேன். அந்த 11 கம்பெனிகளில் ஒன்றாக இருந்தால், நான் வந்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
வருகைப் பதிவு மெஷின் மாட்டிய பழைய டெக்னீசியன்,
திருப்பூர்